பால்குட்டிக்குக் கிரீப் தீவனம்: வாங்கிப் போட்டும் எடை ஏறலையே?

பட்டிக்காரன் | 4 ஜூன் 2023

ஈரோடு பக்கம், 12 தாய்ப்பன்றி, எல்லாம் வெண்பன்றிக் கலப்பு. 35 நாளில் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கிறேன். சராசரி 6.9 கிலோ. பக்கத்து ஊர்க்காரர் 9 கிலோ எடுக்கிறதா சொல்றார்.

தீவனக் கடையில் கேட்டேன். "பால் குடிக்கிறப்பவே குட்டிக்குத் தட்டில் கிரீப் தீவனம் வைங்க, ஒரு கிலோ தாராளமா ஏறும்"னாங்க. கிலோ 78 ரூபாய்க்கு வாங்கி, போன மூணு ஈத்துக்கு 7ஆம் நாளிலிருந்து வைத்தேன். ஈத்துக்கு ஆறு கிலோ காலி. எடை அதே 6.9, ஒரு ஈத்தில் 7. கிரீப் தீவனம்ங்கிறது கடைக்காரன் பிழைக்க வந்த சரக்கு என்றுதான் இப்போ தோணுது. இல்லைன்னா எத்தனாவது நாள் ஆரம்பிக்கணும், எந்தத் தீவனம்? வைத்துப் பார்த்தவங்க மட்டும் சொல்லுங்க.

குமரிமலை | 4 ஜூன் 2023

7ஆம் நாள் பிந்திப்போச்சு. 5ஆம் நாளே வைக்கணும், குட்டி மூக்கால் நோண்டிப் பழகட்டும். நான் 20 வருசமா வைக்கேன். கருவாட்டுத்தூள் கூடுதலாப் போடுங்க, வாசம் அடிக்கும், ஓடி வரும். கடைத் தீவனம் வேண்டாம்.

மூணுபன்னி | 5 ஜூன் 2023

என் தாய்ப்பன்றி நேத்து ராத்திரி செத்துப்போச்சு, 8 குட்டி இருக்கு, நாலு நாள்தான் ஆகுது. நீங்க சொல்ற கிரீப் தீவனத்தைக் கரைச்சு ஊத்தலாமா? ஆட்டுப்பால் இருக்கு.

ஊசிமருந்து | 5 ஜூன் 2023

மூணுபன்னி, உங்க விஷயம் வேற, அவசரம். கிரீப் தீவனம் தாய்ப்பாலோடு சேர்த்து வைக்கிற இரண்டாவது சாப்பாடு. பாலுக்குப் பதில் ஆகாது. நாலு நாள் குட்டிக்குப் பால்தான். அதே வாரத்தில் ஈன்ற வேற தாய் உங்க ஊரில் யாரிடமாவது இருக்கான்னு இன்றைக்கே கேளுங்க, காம்பு மிச்சமிருந்தால் கொண்டு சேர்க்கலாம். இல்லைன்னா ஆட்டுப்பாலை வெதுவெதுப்பாக்கி, ஆழமில்லாத தட்டில், இரண்டு மூணு மணிக்கு ஒருதரம், ராத்திரியும். குட்டிகளுக்குக் கதகதப்பு போதலைன்னா பால் குடித்தும் பிழைக்காது, விளக்கு போடுங்க.

பட்டிக்காரன், உங்களுக்கு ஒரு கணக்கு மட்டும். ஈத்துக்கு ஆறு கிலோன்னா பத்துக் குட்டிக்குத் தலைக்கு 600 கிராம். முழுசா குட்டிதான் தின்றது, ஒரு துளி சிந்தலைன்னே வைப்போம். ஒரு கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாத்தான் எடை போடும். தலைக்கு அரைக் கிலோ. ஒரு கிலோ ஏறும் என்று சொன்னவர், தின்னாத தீவனத்துக்கும் எடை கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கார்.

இப்போ பால் பக்கம் பாருங்க. குட்டி ஒரு கிலோ ஏற ஏறக்குறைய நாலு லிட்டர் பால் வேணும். பிறந்த எடை 1.3 கிலோன்னு வைத்தால் உங்க குட்டி ஏறியது 5.6 கிலோ, அதாவது 22 லிட்டர் பால். பத்துக் குட்டிக்கு, 35 நாளுக்கு வகுத்தால் தாய் தினம் ஆறு லிட்டருக்குச் சற்று மேல் கொடுக்குது. நல்ல வெண்பன்றி எட்டு, பத்து கொடுக்கும். எடை விடுபட்ட இடம் தட்டில் இல்லை, மடியில். தாய்க்குத் தினம் எவ்வளவு தீவனம்?

பட்டிக்காரன் | 6 ஜூன் 2023

காலை இரண்டு, சாயந்திரம் இரண்டு, நாலு கிலோ. அதிலேயே மதியம் மிச்சம் கிடக்கும். கேட்ட கேள்வி குட்டித் தீவனம், ஊசிமருந்து டாக்டர் தாயைப் பற்றிப் பேசறார். சரி, அளந்து பார்க்கிறேன்.

குமரிமலை | 6 ஜூன் 2023

தாய்க்கு நாலு கிலோ பத்தாது, அது சரிதான். டாக்டர் சொன்னதுல இதுக்கு மட்டும் தலையாட்டுவேன். 5ஆம் நாள் விஷயத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஊசிமருந்து | 7 ஜூன் 2023

நாலு கிலோவா! தாயின் உடம்புக்கே இரண்டு கிலோ போகும், அதற்கு மேல் குட்டி ஒன்றுக்கு அரைக் கிலோ என்று நாங்க தோராயமாப் போடுவோம். பத்துக் குட்டிக்கு ஏழு. வெயில் காலத்தில் ஏழு தின்ன வைக்கிறது கஷ்டம், ஆறு தின்றாலே நல்லது. மதியம் வைக்காதீங்க, மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடக்கிற நேரத்தில் அது தொடாது. விடிகாலை நாலரை, அஞ்சு மணிக்கு ஒரு வேளை, ராத்திரி எட்டுக்கு மேல் ஒரு வேளை, தண்ணி ஊற்றிக் குழைத்து. ஈன்ற முதல் வாரம் மட்டும் படிப்படியா ஏற்றுங்க.

பட்டிக்காரன் | 19 ஜூன் 2023

நான் எழுதியதில் ஒரு தப்பு. "ஆறு கிலோ காலி" என்றதைத் திருத்தணும்.

நேத்து சாயந்திரம் வேலையாள் வரலை. நானே தட்டில் தீவனம் வைத்துட்டுச் சுவர் ஓரமா உட்கார்ந்தேன். குட்டி ஓரம் என்பது தாய் புகாதபடி கீழ்க் குழாயைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அடைச்ச இடம். 18 நாள் குட்டிங்க நாலு வந்து முகர்ந்தது, ஒண்ணு இரண்டு வாய் மென்னுது, மீதி இரண்டு தட்டின் மேலேயே ஏறி நின்னு ஒண்ணுக்குப் போச்சு. கொஞ்ச நேரத்தில் தாய் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. பால் கொடுக்கப் படுக்குதுன்னு நினைச்சேன். மூக்கைக் குழாய்க்கு அடியில் விட்டு, நாக்கைச் சுழற்றித் தட்டைத் தன் பக்கம் இழுத்து, பொடிகூட விடாம வழிச்சு எடுத்தது. பழகின கை, இல்லை, பழகின நாக்கு. முடிச்சதும் தட்டை மூக்கால் பழைய இடத்துக்கே தள்ளிட்டுச்சு போல, காலையில் நான் பார்க்கும்போது தட்டு எப்பவும் அதே இடத்தில் சுத்தமாத்தான் இருக்கும்!

மூணு ஈத்தா 78 ரூபாய்த் தீவனத்தைத் தின்றது என் தாய்ப்பன்றிங்கதான். தட்டைச் சுவர் மூலைக்கு மாற்றி, செங்கல் வைத்துக் கட்டிட்டேன்.

குமரிமலை | 19 ஜூன் 2023

சிரிச்சு வயிறு வலிக்கு. அப்பறம் எப்படி எடை ஏறும் மக்கா.

தீவனமில் | 20 ஜூன் 2023

நான் மில் நடத்துறேன், அதனால என் பேச்சைப் பாதி தள்ளிக் கேளுங்க. நல்ல கிரீப் தீவனத்தில் புரதம் 22 சதவீதத்துக்கு மேல் போகணும், எவ்வளவு கூடுதோ அவ்வளவு வளர்ச்சி. நாங்க 24 போடறோம்.

ஊசிமருந்து | 20 ஜூன் 2023

20, 22 போதும். புரதம் கூடினால் வளர்ச்சி கூடும் என்பது பாதிதான் சரி. இந்த வயசில் குட்டிக் குடல் பால் புரதத்தையும் பால் சர்க்கரையையும் செரிக்கத் தயாரா இருக்கு. செடிப் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் வேண்டிய நொதி மெல்லத்தான் வரும். 24 சதவீதமும் சோயாவிலிருந்து வந்தால் செரிக்காத புரதம் கீழ்க் குடலில் அழுகும், கழிச்சல் வரும். சதவீதத்தைக் கேட்கிறதை விட, அது எந்தப் பொருளிலிருந்து வருதுன்னு கேளுங்க.

பட்டிக்காரன் | 2 ஜூலை 2023

டாக்டர் போனில் சொன்ன வேலை ஒன்று செய்தேன். கேக் கடையில் கிடைக்கிற நீலச் சாயப்பொடி, சாப்பிடக்கூடிய சாயம்தான், கிரீப் தீவனத்தில் கலந்தேன். தின்ற குட்டியின் சாணம் நீலப்பச்சையா வரும். 26ஆம் நாளிலிருந்து மூணு நாள் வைத்து, ஒவ்வொரு குட்டியையும் தூக்கிப் பின்பக்கம் பஞ்சு சுற்றின குச்சியால் துடைத்துப் பார்த்தேன். பொண்டாட்டி வாசலில் நின்னு "படிச்சுப்போட்டு இதுதான் வேலையா"ன்னு கேட்டுட்டுப் போனா.

11 குட்டியில் நீலம் வந்தது 5. சின்னக் குட்டி, பால் கிடைக்காதது, பசியில் ஓடி வந்து தின்னும் என்றுதான் நினைச்சிருந்தேன். இரண்டு சின்னதில் ஒண்ணு நீலம், ஒண்ணு இல்லை. பெரிசில் மூணு நீலம். எடைக்கும் நீலத்துக்கும் ஒட்டலை.

ஒரு தட்டில் ஒரு ஈத்துக்கு இவ்வளவு தீர்ந்தது என்கிற கணக்கு இதனால் ஒண்ணுமே இல்லாம போகுது. பாதிக் குட்டி தின்னவே இல்லை.

ஊசிமருந்து | 2 ஜூலை 2023

தொட்ட குட்டி, தொடாத குட்டி என்று பிரிஞ்சே இருக்கும். சின்னது எப்பவும் தின்னும் என்கிறது எனக்கும் பழைய நம்பிக்கை, ஆனா ஈத்துக்கு ஈத்து மாறுது. உங்க குட்டி ஓரத்தில் தண்ணி இருக்கா?

பட்டிக்காரன் | 3 ஜூலை 2023

தாய் குடிக்கிற தண்ணிக் குழாய் நிப்பிள்தான். குட்டிக்கு எட்டாது. பாலே தண்ணிதானே என்று விட்டிருந்தேன்.

ஊசிமருந்து | 3 ஜூலை 2023

உலர் தீவனம் வைத்துத் தண்ணி வைக்கலைன்னா எப்படி இறங்கும்? ஆழமில்லாத சட்டி ஒண்ணு வைங்க, தினம் இரண்டு தரம் கழுவுங்க. குமரிமலை சொல்ற மாதிரி கருவாட்டுத்தூள் போடுறவங்க இதை மறக்கவே கூடாது. உப்புக் கருவாடு, தண்ணி இல்லைன்னா உப்பு மூளைக்கு ஏறிக் குட்டி தள்ளாடும், வலிப்பு வரும்.

குமரிமலை | 3 ஜூலை 2023

எனக்கு அப்படி ஒரு தடவை வந்திருக்கு. தள்ளாடினது மூணு குட்டி. மூளைக் காய்ச்சல்னு நினைச்சு ஊசி போட்டோம். இப்பத்தான் புரியுது. கருவாடு கூடுதலாப் போடச் சொன்னதை வாபஸ் வாங்குறேன், உப்பில்லாத மீன்தூள், நூத்துக்கு அஞ்சாறு போதும். 5ஆம் நாள் நிக்கும்.

பட்டிக்காரன் | 9 ஜூலை 2023

சட்டி வைத்த மறுநாளே தட்டு காலியாகிற வேகம் மாறிப்போச்சு. தாய் நாக்கு எட்டாதுன்னு இந்தத் தடவை நிச்சயம், செங்கல் மூணு அடுக்கு.

பட்டிக்காரன் | 16 ஜூலை 2023

நானே அரைச்ச தீவனம், சொதப்பினது முதலில்.

கடைத் தீவனம் கட்டுபடியாகலைன்னு மில்லுக்குப் போய், மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, நெல் தவிடு, வீட்டில் கிடந்த சோயாப் பயறு போட்டு அரைச்சேன். புரதம் கணக்கில் 20 வந்தது, சந்தோஷம். வைத்த மூணாம் நாள் மஞ்சக் கழிச்சல், வால் அடி எல்லாம் நனைஞ்சு ஒட்டிக்கிடுச்சு. பயறை வறுக்கலை. பச்சை சோயாவில் புரதத்தைச் செரிக்க விடாத பொருள் இருக்கு, வளர்ந்து வர்ற பன்றிக்கே ஆகாது. கடலைப் புண்ணாக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் பச்சைப் பூசணம். தவிடும் மூணு வாரம் பழசு, எண்ணெய்க் காரல் அடித்தது. மூணு தப்பு ஒரே மூட்டையில். எல்லாத்தையும் கொட்டினேன்.

இப்போ அரைக்கிறது 100 கிலோவுக்கு: மக்காச்சோளம் 40, அரிசி நொய் 15, மில்லில் வாங்கின சோயாப் புண்ணாக்கு 22, மீன்தூள் 6, கொழுப்பெடுத்த பால்பவுடர் 10, சர்க்கரை 3, எண்ணெய் 2, தாது உப்புக் கலவை 2. புரதம் 21 வருது. நொய்யை வேகவைத்துக் காயவைத்துத்தான் அரைக்கிறேன். தவிடும் கடலைப் புண்ணாக்கும் இந்த வயசுக்கு வேண்டவே வேண்டாம்னு வைத்துட்டேன். நூறு கிலோ அரைக்காதீங்க, நான் பத்துப் பத்துக் கிலோவா அரைக்கிறேன். பால்பவுடர் போட்ட தீவனம் மழைக்காலத்தில் ஒரு வாரத்தில் கட்டியாகும்.

தீவனமில் | 17 ஜூலை 2023

பால்பவுடரை எடுத்துட்டால் எங்க விலைக்கு வரும். அது மட்டும்தான் காசு.

பட்டிக்காரன் | 17 ஜூலை 2023

எடுத்துப் பார்த்தேன், ஒரு ஈத்துக்கு. நுகர்ந்துட்டுப் போயிடுச்சுங்க. ஒரு ஈத்தை வைத்து எதையும் சொல்லக்கூடாதுன்னு டாக்டர் திட்டுவார், அதனால் இதோட நிறுத்திக்கிறேன்.

மூணுபன்னி | 18 ஜூலை 2023

8ல் 5 பிழைச்சது. நன்றி சொல்ல வந்தேன். ஓட்டல் சோறு கரைச்சு இப்பவே பழக்கலாமா?

ஊசிமருந்து | 18 ஜூலை 2023

நல்ல சேதி. ஓட்டல் எச்சில் வேண்டாம், குட்டிக்கும் பெரிசுக்கும். 2020ல் அஸ்ஸாம் பக்கம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்ததிலிருந்து அதை நினைத்தாலே பயம். அந்த வைரஸ் பன்றிக்கறி மிச்சத்தில் வரும், அதற்கு மருந்து கிடையாது.

பட்டிக்காரன் | 27 ஆகஸ்ட் 2023

பன்னிரண்டில் ஆறு தாய் ஒரே பத்து நாளுக்குள் ஈன்றதால் பாதி பாதியா வைத்துப் பார்த்தேன். மூணு ஈத்துக்குக் கிரீப் தீவனம், மூணு ஈத்துக்கு இல்லை. தாய்க்கு எல்லாத்துக்கும் ஒரே மாதிரி, ஆறு கிலோ சுமார், விடியலும் ராத்திரியும்.

வைத்த விதம்: 10ஆம் நாள் ஒரு கைப்பிடி, ரப்பர் விரிப்பு மேல் தூவி. தட்டில் இல்லை, குட்டி தரையில்தான் மோப்பம் பிடிக்குது. தினம் நாலு தரம் கொஞ்சம் கொஞ்சம், மிச்சத்தைக் கூட்டித் தாய்க்குப் போட்டுட்டுப் புதுசு. 20ஆம் நாள் வரைக்கும் தின்றது விரல்விட்டு எண்ணலாம். அதற்கப்பறம்தான் நிஜமா தின்ன ஆரம்பிச்சது, கடைசி பத்து நாளில்தான் பாதிக்கு மேல் போனது. 35ஆம் நாள் வரைக்கும் தலைக்கு 400 கிராம்கிட்ட.

35ஆம் நாள் தொங்கு தராசு, சாக்கு. கிரீப் வைத்தது 8.2, வைக்காதது 7.9. பழைய 6.9க்கும் இதற்கும் உள்ள ஒரு கிலோ வைக்காத ஈத்திலும் வந்திருக்கு. தாய்ப்பால் செய்த வேலை. டாக்டர் சொன்னப்போ கோபம் வந்தது, இப்போ கணக்கு அவர் பக்கம்.

ஆனா கதை 42ஆம் நாளில். தாயைப் பிரித்து ஒரு வாரம் கழித்து நிறுத்தினேன். கிரீப் தின்று பழகின கூட்டம் 9.3, மற்றது 8.3. வைக்காத குட்டிங்க முதல் இரண்டு நாள் தொட்டி பக்கமே போகலை. மூலையில் ஒண்ணு மேல் ஒண்ணா கிடந்தது, ஆறு குட்டிக்குக் கழிச்சல். மற்றது அன்னிக்கு ராத்திரியே தொட்டியில் மூக்கை விட்டுச்சு.

குமரிமலை | 28 ஆகஸ்ட் 2023

அப்ப 10ஆம் நாளுக்குப் பதில் 5ஆம் நாள் வச்சிருந்தா இன்னும் கூடியிருக்கும்.

ஊசிமருந்து | 28 ஆகஸ்ட் 2023

300 கிராம் வித்தியாசத்தை நம்பாதீங்க பட்டிக்காரன், மூணு தாய்க்கு மூணு தாய் அவ்வளவு மாறும். பிரித்த பிறகு கூடின 700 கிராம் வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம், கழிச்சலும் அதோட ஒத்துப்போகுது.

குமரிமலை, கிரீப் வைக்கிற நாள்களைக் கூட்டினால் தின்னப் பழகின குட்டிகளின் எண்ணிக்கை கூடுது, பிரிக்கும் எடை மாறலைன்னு சோதனைகள் உண்டு. உங்க 5ஆம் நாளில் ஒரு கைப்பிடி, புதுசா, தினமும் மாற்றினால் கெடுதல் ஒண்ணுமில்லை. ஆனா உங்க வேலையாள் தினம் மாற்றுவாரா? மூத்திர வாசம் அடிக்கிற தட்டைக் குட்டி ஒரு தடவை வெறுத்துட்டா 25ஆம் நாளிலும் வராது.

குமரிமலை | 29 ஆகஸ்ட் 2023

மாத்துவாரான்னு கேக்காதீங்க, அதுதான் என் வீட்டுப் பிரச்சனை. ஆனா நான் பிரிக்கிறது 56ஆம் நாள். அதுவரைக்கும் குட்டி நாலஞ்சு கிலோ தின்னுரும், தாய்க்குப் பால் வத்தின பிறகு அதுதான் சாப்பாடு. எனக்கு 13 கிலோ வருது. உங்க 35 நாள் கணக்கை எனக்கு வைக்காதீங்க.

ஊசிமருந்து | 29 ஆகஸ்ட் 2023

இது நியாயம். தாய்ப்பால் மூணு வாரத்தில் உச்சம், அதற்கப்பறம் இறங்கும், குட்டியின் பசி ஏறும். 28 நாளில் பிரிக்கிறவருக்குக் கிரீப் தீவனம் பழக்கம் மட்டும், 56 நாளில் பிரிக்கிறவருக்கு அதுதான் எடை. தாய் மறுபடி சினைக்கு வர இரண்டு மாசம் ஆகுதே என்பதையும் கணக்கில் சேர்த்துக்கோங்க.

பட்டிக்காரன் | 11 செப்டம்பர் 2023

ஒண்ணு பாக்கி. ஹாலந்தில் பால்குட்டிக்குப் பெரிய உருண்டைக் குச்சித் தீவனம் போட்டு, சின்னதை விட அதிகம் தின்றதாப் படிச்சேன். சின்ன வாய்க்குச் சின்னத் தீவனம் என்றுதானே இவ்வளவு நாளும் பொடியா அரைச்சோம்? மில்லில் 10 மில்லிமீட்டர் அச்சில் என் கலவையைப் போட்டுத் தரச் சொல்லியிருக்கேன்.

தீவனமில் | 11 செப்டம்பர் 2023

பால்பவுடர் சூட்டில் கருகும், அச்சு அடைக்கும். ஆனாலும் போட்டுத் தர்றேன், சுத்தம் பண்ற கூலி தனி.

பட்டிக்காரன் | 24 செப்டம்பர் 2023

வந்தது. கொஞ்சம் கருகல் வாசம். 12ஆம் நாள் குட்டிகளுக்கு எட்டுக் குச்சி போட்டேன். ஒரு குட்டி ஒண்ணைக் கவ்விக்கிட்டு ஓட, மற்ற மூணு துரத்துது, பிடுங்குது, கீழே போடுது, மறுபடி கவ்வுது. தின்னுதா விளையாடுதான்னு தெரியலை. நீலச் சாயம் கலந்து அடுத்த மூட்டை அடிக்கச் சொல்லியிருக்கேன், மில்காரர் அச்சு நீலமாயிடும்னு இன்னும் யோசிக்கிறார்.